எலி கடித்த வயரும் எறும்பு புகுந்த பிளக்கும்: விளக்கு எரிகிறது என்பதால் வீடு பத்திரம் அல்ல

நள்ளிரவில் வீட்டு மின்சாரம் 'டிரிப்' ஆனால் முதல் சந்தேகம் குளிர்பதனப் பெட்டி மீது விழும். அடுத்தது குளியலறைச் சுடுநீர்க் கருவி. இரண்டும் குற்றவாளி இல்லையென்றால், டி.பி. பெட்டியில் இருக்கும் இ.எல்.சி.பி. பழசாகிவிட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிவிடுவார்கள். சீலிங்கிற்கு மேலே தினமும் இரவில் ஓடும் எலியை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தோட்டத்து லயங்களுக்கும், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எழுந்த தாமான்களுக்கும், பட்டணத்துக் கடைவீடுகளுக்கும் எலி புதிதல்ல. அது அரிசியைத் தின்றால் தெரியும், துணியைக் கிழித்தால் தெரியும். வயரைக் கடித்தால் மட்டும் தெரியாது. ஏனென்றால், கடிபட்ட வயர் பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மேலுறை போய்ச் செம்பு வெளியே தெரிந்தாலும், அந்தச் செம்பு வேறெதையும் தொடாதவரை விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், தொலைக்காட்சி ஓடும்.

எலிக்கு வயர் உணவல்ல. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடிய பற்கள் அவை. தேய்க்காவிட்டால் இரை தின்ன முடியாமல் போய்விடும் என்பதால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிறவி அது. வயரின் பி.வி.சி. மேலுறை பல்லுக்கு மென்மையானது, பருமனும் ஒரு சிறு குச்சி அளவுதான். அதோடு, கூரை எலி ஒரே தடத்தில் போய் வரும் பழக்கமுடையது. அந்தத் தடம் ஒரு வயரைக் கடந்தால், அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கடிபடும்.

வரிசை வீடுகளில் இன்னொரு வசதியும் அதற்கு உண்டு. பல இடங்களில் இரண்டு வீடுகளுக்கு இடையிலான சுவர் கூரை ஓடுவரை முழுமையாக எழுப்பப்பட்டிருக்காது, அல்லது வயரும் குழாயும் போக விட்ட ஓட்டை பூசப்படாமல் கிடக்கும். முனை வீட்டில் ஏறிய எலி மறுமுனை வரை சீலிங் வழியாகவே போய்விடும். லயங்களில் ஒரே கூரை என்பதால் சொல்லவே வேண்டாம். 'எங்கள் வீட்டில் எலியே இல்லை' என்று சொல்பவரின் தலைக்கு மேல் பக்கத்து வீட்டு எலி குடியிருக்கலாம்.

டிரிப் ஆகாததற்குக் காரணம்

'ஏதாவது கோளாறு இருந்தால் தானாக டிரிப் ஆகிவிடுமே' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. டி.பி. பெட்டிக்குள் இரண்டு வகைக் காவல் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு விஷயத்தைப் பார்ப்பவை.

வரிசையாக நிற்கும் சிறு சுவிட்சுகள் எம்.சி.பி. ஒவ்வொன்றும் ஒரு பகுதி வயரைக் காக்கிறது. அந்த வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் அது விழும். பிளக்குகளுக்கான எம்.சி.பி. 20 ஆம்பியர் என்றால், அதற்குள் எது நடந்தாலும் அது கவலைப்படாது.

இன்னொன்று இ.எல்.சி.பி. என்று வீடுகளில் சொல்லப்படுவது. லைவ் வயரில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் வந்தால், எங்கோ மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது என்று பொருள், உடனே துண்டித்துவிடும். மலேசிய வீடுகளில் பொதுவாக முழு வீட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர் அளவிலும், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள் மாட்டும் பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவிலும், சுடுநீர்க் கருவி போன்ற ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் அளவிலும் இதைப் பொருத்துகிறார்கள். பழைய வீடுகள் பலவற்றில் 100 மில்லி ஆம்பியர் ஒன்று மட்டுமே இருக்கும்.

இப்போது சீலிங்கில் நடப்பதைப் பார்க்கலாம். எலி லைவையும் நியூட்ரலையும் அருகருகே உரித்து வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் புழுக்கை, சிறுநீர், தூசி. இவற்றின் வழியே சிறிதளவு மின்சாரம் லைவிலிருந்து நியூட்ரலுக்குத் தாவுகிறது. அது எர்த்துக்குப் போகவில்லை என்பதால் இ.எல்.சி.பி.க்குத் தெரியாது. 20 ஆம்பியரைத் தாண்டவில்லை என்பதால் எம்.சி.பி.யும் பார்க்காது. ஆனால் அந்த இடம் கருகத் தொடங்கும். கருகிய இடம் கரியாக மாறும், கரி மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும். பக்கத்தில் எலி கொண்டுவந்து போட்ட காகிதமும் பஞ்சும் இருந்தால், தீப்பிடிக்க வேறொன்றும் தேவையில்லை.

மழை இரவில் மட்டும் வரும் கோளாறு

காப்பார் பக்கம், செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு மாடியில்லா வரிசை வீட்டில் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். வீட்டுக்கு ஏறக்குறைய இருபது வயது. மூன்று மாதங்களாக, மழை பெய்த இரவுகளில் மட்டும் பின்னிரவில் மின்சாரம் துண்டித்தது. காலையில் சுவிட்சைத் தூக்கினால் நின்றுவிடும், பகல் முழுவதும் ஒன்றும் ஆகாது. குளிர்பதனப் பெட்டி கடைக்குப் போய்ச் சோதனை முடிந்து திரும்பி வந்தது. இ.எல்.சி.பி.யும் மாற்றப்பட்டது. அடுத்த மழைக்கு மறுபடியும் இருட்டு.

பொறுமை போன நிலையில் வீட்டு மைத்துனர் ஒரு வழி சொன்னார். இ.எல்.சி.பி.யை ஒதுக்கிவிட்டு வயரை நேராகச் சேர்த்துவிட்டால் தூக்கம் கெடாது என்பது அவர் யோசனை. தாமான்களில் பல வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கும் வேலைதான் இது. நல்லவேளையாக, அதற்காக அழைக்கப்பட்ட வயர்மேன் அதைச் செய்ய மறுத்துவிட்டார். "அக்கா, அது சும்மா விழாது. எதையோ பார்த்துட்டுத்தான் விழுது. அது என்னன்னு பார்த்துருவோம்," என்றார்.

அவர் செய்த முதல் வேலை, வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் கழற்றச் சொன்னது. சுவிட்சை மூடினால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். கேட் மோட்டார், சுடுநீர்க் கருவி, சீலிங்கிற்குள் யாரோ என்றோ வைத்துவிட்டு மறந்துபோன ஆண்டெனா பூஸ்டர் என்று அனைத்தும் துண்டிக்கப்பட்டன. பிறகு மெயின் சுவிட்சை மூடிவிட்டு, வயர்மேன்கள் 'மெகர்' என்று சொல்லும் கருவியை மாட்டினார். அது 500 வோல்ட் நேர்மின்சாரத்தை வயருக்குள் செலுத்தி, மேலுறை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும். கருவிகள் மாட்டியிருந்தால் அளவு தப்பாக வரும், மின்னணுப் பொருள்கள் பழுதாகவும் கூடும். அதனால்தான் அத்தனையையும் கழற்றியது.

நல்ல நிலையில் உள்ள வீட்டு வயரிங் குறைந்தது 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் தடை காட்ட வேண்டும். நல்ல வயர் இதைப்போல் நூறு மடங்கு கூடக் காட்டும். அந்த வீடு காட்டியது 0.15 மெகா ஓம். எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தபோது, விளக்குகளும் சமையலறையும் 100 மெகா ஓமுக்கு மேல் நின்றன. பின் அறைகளின் பிளக் வரிசையில் மட்டும் அதே 0.15.

பகலில் ஏன் டிரிப் ஆகவில்லை என்பதற்குப் பள்ளிக் கணக்கே போதும். 230 வோல்ட்டை 1,50,000 ஓமால் வகுத்தால் சுமார் ஒன்றரை மில்லி ஆம்பியர். 100 மில்லி ஆம்பியரில் விழும் இ.எல்.சி.பி. இதைப் பொருட்படுத்தாது. அது விழ வேண்டுமென்றால் தடை ஏறக்குறைய 2,300 ஓமுக்கு இறங்க வேண்டும். இந்தக் கருவிகள் குறித்த அளவில் பாதியைத் தாண்டியதிலிருந்தே விழக்கூடியவை என்பதால், 4,600 ஓமிலும் விழலாம். காய்ந்த இடம் நனைந்தால் இந்த இறக்கம் நடக்கும். அப்படியானால், பின் அறைகளுக்கு மேலே மழைநீர் படும் இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

நடு அறைப் பிளக்கில் வயரைக் கழற்றி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே அளந்தார். பின்பக்கம்தான் கெட்டது. அதன் பிறகே ஏணி வைத்துச் சீலிங் கதவைத் திறந்தார்.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி, குழாய் போடாமல் வெறுமனே கிடந்த வயர் ஒரு சாண் நீளத்துக்குக் கடிபட்டிருந்தது. லைவின் செம்பு வெளியே தெரிந்தது. அருகில் பச்சை மஞ்சள் எர்த் வயரின் உறையும் போயிருந்தது. நியூட்ரலில் இருந்த ஏழு இழைகளில் மூன்று அறுந்திருந்தன. இவை அனைத்தையும் மூடியபடி காகிதத் துணுக்கு, பிளாஸ்டிக் பை, செம்பனை நார் சேர்ந்த ஒரு கூடு. நேர் மேலே ஓட்டில் ஒரு விரிசல். மழை பெய்தால் சொட்டும் நீர் கூட்டை நனைக்க, லைவிலிருந்து எர்த்துக்கு ஈரக்கூட்டின் வழியே மின்சாரம் கசிந்தது. பகல் வெயிலில் ஓட்டுக்கடியில் கூடு காய்ந்துவிடும், கசிவும் நின்றுவிடும்.

மைத்துனர் சொன்ன யோசனையை இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 230 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் கசிந்தால் அந்த இடத்தில் 23 வாட் சூடு பிறக்கும். வானொலி பழுதுபார்ப்பவர் வைத்திருக்கும் சிறிய சாலிடரிங் அயன் ஏறக்குறைய இந்த அளவுதான். இ.எல்.சி.பி. இல்லாமல் போயிருந்தால், காகிதக் கூட்டுக்குள் ஒரு சாலிடரிங் அயனை இரவெல்லாம் போட்டு வைத்ததற்குச் சமம். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.1 ஆம்பியர் கண்ணிலேயே படாது.

அந்தச் சீலிங்கில் வயர்மேன் இன்னொன்றையும் கண்டார். எடுத்துச் சொல்ல வேண்டியது இதுதான். சற்றுத் தள்ளி, விளக்குக்குப் போகும் ஒரு வயரிலும் எலி உறையை உரித்திருந்தது, செம்பு பளபளத்தது. ஆனால் மெகரில் விளக்கு வரிசை 100 மெகா ஓமுக்கு மேல் காட்டியதே? காட்டும். உரிந்த செம்பு எதையும் தொடாமல் காய்ந்த காற்றில் தொங்கினால், காற்றே நல்ல உறையாக நிற்கிறது. மெகருக்கு அது நல்ல வயர். நாளை எலி அதன் மேல் ஏறினாலோ, சீலிங்கிற்குள் கை வைப்பவரின் விரல் பட்டாலோதான் அது கெட்ட வயர். எனவே மெகர் சோதனை மட்டும் செய்துவிட்டு 'எல்லாம் சரி' என்று கிளம்புபவரிடம், சீலிங்கையும் பார்த்தீர்களா என்று கேட்பது தவறில்லை. கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கோ, சுவருக்குள் குழாயில் இருக்கும் பழுது தெரிந்திருக்காது. இரண்டும் வேண்டும்.

வீட்டுக்காரர்கள் தாங்களே எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்துக் கோளாறைத் தேடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டு எம்.சி.பி. பெரும்பாலும் லைவை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரலைத் துண்டிக்காது. எலி நியூட்ரலைக் கடித்து அது எர்த் வயரைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த எம்.சி.பி.யை மூடிய பிறகும் டிரிப் தொடரும். ஏர்கோன் போன்ற பெரிய கருவி ஓடத் தொடங்கும் நேரத்தில் விழுவது இதன் அடையாளம். எதை மூடினாலும் நிற்கவில்லை என்றதும் இ.எல்.சி.பி. மீது பழி போடுவதற்கு முன், நியூட்ரல்களைத் தனித்தனியே கழற்றி அளக்கத் தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

இ.எல்.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது நல்லது. அது அந்தக் கருவி விழுகிறதா என்பதை மட்டுமே காட்டும். சீலிங் வயர் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

வீட்டுக்காரர் என்ன பார்க்கலாம்

எதையும் திறக்காமலேயே பார்க்கக்கூடிய இடங்கள் பல உண்டு. குளிர்பதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் பின்புறம், கேட் மோட்டார் பெட்டி, ஏர்கோனின் வெளிப்புறப் பகுதிக்குப் போகும் வயர், சுவரைத் துளைத்து வயர் போகும் ஓட்டை ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. டார்ச் விளக்கை நேராக அடிக்காமல் சாய்த்து அடித்தால் பல் தடம் தெளிவாகத் தெரியும், ஜோடி ஜோடியான சிறு பள்ளங்களாக இருக்கும்.

சீலிங்கிற்குள் எட்டிப் பார்ப்பதாக இருந்தால் மெயின் சுவிட்சை மூடிவிட்டு, டார்ச்சுடன் ஏணியில் நின்றபடியே பார்க்க வேண்டும். உள்ளே ஏறித் தவழ்வது வயர்மேனின் வேலை. பலகையில் கால் வைத்தால் உடைந்து விழுந்துவிடும். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பலகைகளும் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை உடைக்கவோ துளையிடவோ கூடாது.

புழுக்கை கறுப்பாகவும் மினுமினுப்பாகவும் இருந்தால் எலி இப்போதும் வந்து போகிறது. சாம்பல் நிறமாகிக் குச்சியால் தொட்டதும் பொடிந்தால் பழையது. செம்பும் இப்படியே பேசும். புதிதாகக் கடிபட்டது பளபளக்கும், பழையது மங்கிப் பழுப்பாகவோ பச்சை பூத்தோ இருக்கும். உறையின் ஓரம் கறுத்திருந்தால் அங்கே ஏற்கனவே பொறி பறந்திருக்கிறது. அதைக் கண்டால் மெயினை மறுபடி போடாமல் வயர்மேனை அழைக்க வேண்டியதுதான்.

புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. எலிச் சிறுநீர்க் காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி சிறுநீரில் இருக்கும். கையுறை போட்டு, வயரும் பிளக்கும் இல்லாத இடமாகப் பார்த்து, குளோரோக்ஸ் கலந்த நீரால் நனைத்து, துணியால் எடுத்துப் பையில் கட்டி எறிய வேண்டும்.

கடிபட்ட வயருக்குக் கறுப்பு டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. ஓட்டுக்கடியில் இருக்கும் சூட்டில் டேப்பின் பசை இளகி, சில மாதங்களில் சுருள் பிரிந்துவிடும். இழைகள் அறுந்திருந்தால் டேப் அதைச் சரிசெய்யவும் முடியாது. ஏழு இழையில் நான்கு மட்டும் மிஞ்சிய இடம் மற்ற இடத்தைவிட அதிகமாகச் சூடாகும். முழு வயருக்கென்று வைத்த எம்.சி.பி.க்கு அது தெரியாது. முறையான வழி, ஒரு பிளக்கிலிருந்து அடுத்த பிளக் வரை புது வயர் இழுப்பது. முடியாவிட்டால், கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, மூடி போட்ட இணைப்புப் பெட்டிக்குள் சேர்க்கலாம். எலி நடமாட்டம் அதிகமுள்ள தடத்தில் வயரை இரும்புக் குழாய்க்குள் விடுவது நீண்ட நாள் நிற்கும். காப்பார் வீட்டில் பின் அறைகளுக்கான வயர் முழுவதும் மாற்றப்பட்டது, ஓடும் மாற்றப்பட்டது. ஓட்டை அப்படியே விட்டிருந்தால் அந்தச் செலவு வீண்.

எலி நுழையும் வழியை அடைக்கும்போது ஓர் எச்சரிக்கை. சுண்டுவிரல் நுழையும் ஓட்டை இளம் எலிக்குப் போதும், சுண்டெலிக்கு ஒரு பென்சில் பருமனே போதும். நுரையை மட்டும் அடித்தால் ஒரே இரவில் கொறித்துவிடும். இரும்பு நார் திணித்து மேலே சிமெண்ட் பூச வேண்டும். ஆனால் இரும்பு நார் மின்சாரத்தைக் கடத்தும். வயர் போகும் ஓட்டையில் அதை வைக்காமல், வயரைச் சுற்றிச் சிமெண்ட் மட்டும் பூசுவதே சரி. எலி மருந்து வைப்பவர்கள், அது சீலிங்கிற்குள் செத்தால் ஒரு வாரத்துக்கு வீட்டில் இருக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்கலாம். தோட்டங்களில் எலிக்காகப் பெட்டி வைத்து வளர்க்கப்படும் ஆந்தை செம்பனைக்குள் வேட்டையாடும். வீட்டுச் சீலிங்கிற்கு அது வராது.

பிளக்குக்குள் குடித்தனம்

சுவர்ப் பிளக்குக்குள் எலி புகாது, ஆனால் எறும்பு புகும். சுவருக்குள் வயர் வரும் குழாய்தான் அதன் சாலை. பிளக்கின் பின்னால் உள்ள பெட்டி இருட்டாகவும், காய்ந்தும், லேசான வெப்பத்துடனும் இருப்பதால், மஞ்சள் நிறத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊரும் பார்வோன் எறும்புக்கு அது பிடித்த இடம்.

பிளக்கின் கீழே தரையில் மண் பொடியோ எறும்பு இறக்கைகளோ கிடப்பது முதல் அடையாளம். சுவிட்சைப் போட்டால் விளக்கு ஒரு கணம் மினுக்கிப் பிறகு எரிவது, 'சரசர' என்று மெல்லிய சத்தம், பிளக்கைக் கழற்றும்போது கால்கள் சுடுவது, வெள்ளை மூடியில் பழுப்பு நிறம் ஏறுவது எல்லாம் அடுத்த கட்டங்கள். எறும்பின் உடலும் அது சேர்த்த மண்ணும் உலோகங்கள் ஒன்றையொன்று இறுக்கமாகத் தொடுவதைத் தடுக்கின்றன. தளர்ந்த தொடர்பில்தான் சூடு பிறக்கிறது. நீர்க்கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் மாட்டும் பிளக் என்றால் அதில் ஓடும் மின்சாரம் அதிகம், சூடும் அதிகம். இங்கேயும் இரண்டு காவலும் பேசாமல் இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். எர்த்துக்குக் கசிவில்லை, 20 ஆம்பியரையும் தாண்டவில்லை.

எறும்பைக் கண்டதும் பூச்சி மருந்து டின்னை எடுத்துப் பிளக் ஓட்டைக்குள் அடிப்பவர்கள் அதிகம். அதைச் செய்யவே கூடாது. பல டின்களில் மருந்தைத் தள்ளுவதே எரியும் வாயுதான், உள்ளே ஒரு பொறி இருந்தால் பற்றிக்கொள்ளும். நீர் கலந்த மருந்தோ மின்சாரத்தைக் கடத்தும். தவிர, பார்வோன் எறும்பு மருந்து வாடை பட்டதும் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு ஓடும் வகை. ஒரு பிளக்கில் இருந்த கூடு வாரக் கடைசிக்குள் மூன்று பிளக்கில் இருக்கும். எறும்பு போகும் தடத்தில், பிளக்குக்கு வெளியே, எறும்புக்கான இரை மருந்தை வைப்பதுதான் வேலை செய்யும். தொழிலாளி எறும்புகள் அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய் ராணிக்கே ஊட்டும். சில நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டம் அழிந்த பிறகு வயர்மேன் எம்.சி.பி.யை மூடி, மின்சாரம் இல்லை என்று சோதித்து, மூடியைக் கழற்றி மண்ணைத் துடைத்தெடுப்பார். உள்ளே கருகலோ, உருகிய பிளாஸ்டிக்கோ, நிறம் மாறிய உலோகமோ தெரிந்தால் துடைத்து மாட்டுவதில் பயனில்லை, பிளக்கை மாற்ற வேண்டும். அதில் மாட்டியிருந்த கருவியின் பிளக்கையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கருகியிருந்தால் மறுபக்கமும் பெரும்பாலும் கருகியிருக்கும். கருகிய காலைப் புதிய பிளக்கில் செருகினால் புதியதும் சீக்கிரமே அதே கதிக்கு வரும். குழாய் வாயைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பூசிவிட்டால் மறுகுடியேற்றம் குறையும்.

வெளிப்புறத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் உள்ள, பயன்படுத்தாத பிளக்குகளில் மண் குளவி கூடு கட்டிவிடும். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று கலைக்காமல் விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. சுவரில் கட்டினால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். பிளக் ஓட்டையில் காய்ந்த மண்ணோடு பிளக்கை அழுத்திச் செருகினால் தொடர்பு சரியாக விழாது. அதை ஊசியாலோ கம்பியாலோ நோண்டிச் சுத்தம் செய்ய நினைப்பது அதைவிட ஆபத்து. வெளிப் பிளக்குகளுக்கு மூடியுள்ள வகையைப் பொருத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

யாரை அழைப்பது

வீட்டு வயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் மட்டுமே செய்யலாம். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. எல்லா வயர்மேனுக்கும் சோதனை செய்து சான்று தரும் அனுமதி இருக்காது என்பதால், மெகர் சோதனை செய்வாரா, ஒவ்வொரு எம்.சி.பி. வரிசைக்கும் வந்த அளவைத் தாளில் எழுதித் தருவாரா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். அந்தத் தாளை டி.பி. பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைத்தால், அடுத்த ஆண்டு அளக்கும்போது எந்த வரிசை இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட முடியும். 200 மெகா ஓம் காட்டிய வரிசை 5 மெகா ஓமுக்கு இறங்கியிருந்தால் இன்னும் சட்டப்படி சரியானதுதான். ஆனால் இடையில் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

மீட்டருக்கு முன்னால், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் கடிபட்டிருந்தால் அதை வயர்மேனும் தொடக் கூடாது. அது தெனாகா நேஷனலின் பொறுப்பு, 15454 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும். புகையோ கருகிய வாடையோ வந்தால், டி.பி. பெட்டியை எட்ட முடிந்தால் மெயினை மூடிவிட்டு, எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டு 999க்குப் பேச வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் சொந்தச் செலவில் வயரை மாற்ற வேண்டியதில்லை. அந்த வீடுகள் 446ஆவது சட்டம் எனப்படும், தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. கிராணியிடம் வாய்மொழியாகச் சொன்னால் மறந்துபோகும். தேதி போட்டு எழுதி, கடிபட்ட வயரின் படத்தையும் சேர்த்துக் கொடுத்து, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வது நல்லது. பதில் வரவில்லையென்றால் அந்த நகலுடன் அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். லயத்தில் ஒரே கூரை என்பதால், ஒரு வீட்டுக்காரர் மட்டும் எழுதுவதைவிட வரிசை முழுவதும் கையெழுத்திட்டு, எல்லா வீட்டுச் சீலிங்கையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்லிக் கேட்பதே பலன் தரும். ஒரு வீட்டை மட்டும் சரிசெய்தால் எலி பக்கத்து வீட்டு வயருக்கு மாறிக்கொள்ளும்.